ஒரே கட்டத்தில் இன்றும் நாளையும்

(சிங்கப்பெருமாள் கோயிலில் கணித, கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள் மேசைகளில் ஒரு சாக்பீஸும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் வைத்திருக்கிறோம். கொட்டைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கியிருக்கும். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்போமே, அதே மாதிரிதான். கணினி பற்றிய பேச்சுக்குப் புளியங்கொட்டை எதற்கு என்று முன்வரிசையில் ஒரு அம்மா சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், அம்மா.

ஜான் கான்வே என்ற கணித அறிஞர் 1970-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஓர் ஆட்டத்தை அமைத்தார். அதற்கு 'வாழ்க்கை' என்று பெயர் வைத்தார். ஆடுவதற்கு ஆள் தேவையில்லாத ஆட்டம் அது. கட்டங்கள் போட்ட ஒரு பலகை. ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளதாகவோ உயிரற்றதாகவோ இருக்கும். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு, மூலையில் தொடுவதும் சேர்த்து. உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் அது பிழைக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் இறக்கும். உயிரற்ற கட்டத்துக்குச் சரியாக மூன்று அண்டை இருந்தால் அங்கே ஓர் உயிர் பிறக்கும். அவ்வளவுதான் விதி. மார்ட்டின் கார்ட்னர் 1970 அக்டோபரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதைப் பற்றி எழுதினார். உலகம் முழுவதும் பரவியது அதற்குப் பிறகுதான்.

இந்த மூன்று விதிகளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர்களும் பிள்ளைகள்தான். பள்ளி வராந்தாவில் மூன்றுக்கு மூன்று கட்டம் வரைந்து, நடு வரிசையில் மூன்று கொட்டைகளை வைத்து, அடுத்த தலைமுறையை வைக்கச் சொன்னேன். அதாவது இப்படி:

```
0 0 0
1 1 1
0 0 0
```

ஒரு மாணவி மேல் இடது மூலையில் தொடங்கி வரிசையாக வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மாணவனுக்கு அவன் பக்கத்து மூலைதான் முதல் மூலை. அவன் தன் பலகையில் கீழ் வலதிலிருந்து தொடங்கினான். இருவரும் முடித்தபின் பலகைகளைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறாக இருந்தன. அவளுடையது இது:

```
0 1 1
1 0 1
0 0 0
```

அவனுடையது இதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தது போல் இருந்தது. "சார், ரெண்டு பேருமே ரூல் படிதான் வச்சோம். எப்படி சார் வேற வேற வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருவரும் அண்டைகளைத் தப்பாக எண்ணவில்லை. கட்டம் கட்டமாகச் சரிபார்த்தேன், ஒரு கட்டத்திலும் கணக்குப் பிசகவில்லை. ஆனால் இரண்டு பலகைகளுமே தவறு.

அவள் வைத்ததை நீங்களும் என்னோடு சேர்ந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மேல் வரிசையில் முதல் கட்டத்துக்கு இரண்டு அண்டை, ஒன்றும் பிறக்காது. மேல் வரிசை நடுக் கட்டத்துக்கு மூன்று அண்டை, பிறக்கும். அவள் உடனே அங்கே ஒரு கொட்டையை வைத்துவிட்டாள். அடுத்தது மேல் வலது மூலை. அதற்கு உண்மையில் இரண்டு அண்டைதான். ஆனால் இப்போதுதான் வைத்த புதுக் கொட்டையும் பக்கத்தில் இருக்கிறதே! அதையும் சேர்த்து மூன்று என்று எண்ணி அங்கேயும் ஒன்றை வைத்தாள். அதற்குப் பிறகு வந்த கட்டங்களெல்லாம் பாதி பழைய பலகையையும் பாதி புதிய பலகையையும் பார்த்து முடிவெடுத்தன. நடுக் கட்டம் பிழைத்திருக்க வேண்டும். அதைச் சுற்றி நான்கு சேர்ந்துவிட்டதால் அது இறந்தது. நடு வரிசையின் இரண்டு ஓரங்களும் இறந்திருக்க வேண்டும், அவை பிழைத்துக்கொண்டன.

நான் சொன்ன விதிகளில் சொல்லாமல் விட்ட ஒரு விதி இருக்கிறது. எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பதுதான் அது. கார்ட்னரின் கட்டுரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பிறப்பும் இறப்பும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஆனால் நம் கை ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைத்தான் தொடும். கணினியின் மடக்கும் அப்படியேதான், ஒரு நேரத்தில் ஒரு கட்டம். ஒரே நேரத்தில் நடக்க வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் கையைக் கொண்டு எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதும் அல்ல. இதே ரயில் பாதையில் வடக்கே போனால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை உருவாக்கும் இலக்கணங்களை எழுதினார்கள். 1974-இல் அந்தக் கட்டுரை வந்தது. சிரோமணி அணி இலக்கணம் என்று இன்று சொல்லப்படுவதில், முதலில் ஒரு கிடைவரிசையை உருவாக்கிக்கொண்டு, பிறகு எல்லா நெடுவரிசைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழ்நோக்கி வளர்ப்பார்கள். ஒரு நெடுவரிசை முந்திக்கொள்ளக் கூடாது. கோலம் போடும் கை ஒன்றாக இருந்தாலும், வடிவத்தின் விதி எல்லாம் ஒன்றாக நடக்கும் விதியாக இருக்கலாம். வேறுபாடு அங்கேயே இருக்கிறது.

சரி, வழிக்கு வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இரண்டு பலகைகள் வைத்துக்கொள்வது. பழைய பலகையைப் பார்த்துப் புதிய பலகையில் எழுதுவது. பழையதைத் தொடுவதே இல்லை என்பதால் குழப்பம் வராது. இதில் தவறே இல்லை. பிள்ளைகள் முதலில் இப்படி எழுதட்டும். ஆனால் வராந்தாவில் ஒரே பலகைதான் இருக்கிறது என்றால்?

இதற்கு விடை கார்ட்னரின் அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. அதில் அவர் பலகையில் காய்களை வைத்து ஆடுவதற்குச் செய்முறை சொல்லியிருந்தார். எல்லா உயிர்களும் கறுப்புக் காய்கள். முதல் சுற்றில் எந்தக் காயையும் எடுக்கக் கூடாது. இறக்கப்போகும் காயின்மேல் இன்னொரு கறுப்புக் காயை வைத்து அடையாளம் செய்ய வேண்டும். பிறக்கப்போகும் காலிக் கட்டத்தில் ஒரு வெள்ளைக் காயை வைக்க வேண்டும். ஒருமுறை சரிபார்த்துவிட்டு, இரட்டைக் காய்களையெல்லாம் எடுத்துவிட வேண்டும். வெள்ளைக் காய்களுக்குப் பதில் கறுப்பு வைக்க வேண்டும். முடிந்தது அடுத்த தலைமுறை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புளியங்கொட்டைக்கு வருவோம். கரும்பழுப்புப் பக்கம் மேலே இருந்தால் அது உயிர். இறக்கப்போகும் கொட்டைக்குப் பக்கத்தில், அதே கட்டத்துக்குள், இன்னொரு கொட்டையை வையுங்கள். கார்ட்னர் சொன்னபடி மேலே வைத்தால் வழுக்கி விழும், செய்து பார்த்தாயிற்று. பிறக்கப்போகும் கட்டத்தில் ஒரு கொட்டையை வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். அண்டைகளை எண்ணும்போது இரண்டு நினைவு வேண்டும். வெள்ளை கணக்கில் சேராது, அது இன்னும் பிறக்கவில்லை. இரட்டைக் கொட்டையை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும், அது இன்னும் இறக்கவில்லை. முழுப் பலகையும் முடிந்தபின் இரட்டைகளை எடுத்துவிட்டு, வெள்ளைகளைப் புரட்டிப் போடுங்கள்.

என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரே கட்டம் இன்றைய செய்தியையும் நாளைய செய்தியையும் சேர்த்துத் தாங்குகிறது. காலிக் கட்டம் என்றால் இன்றும் இல்லை, நாளையும் இல்லை. ஒற்றைக் கொட்டை என்றால் இன்றும் உண்டு, நாளையும் உண்டு. இரட்டை என்றால் இன்று உண்டு, நாளை இல்லை. வெள்ளை என்றால் இன்று இல்லை, நாளை உண்டு. நான்கு நிலைகள்தான், ஐந்தாவது இருக்க முடியாது.

இந்த நான்கையும் நிரலில் எண்களாக்க வேண்டும். பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது இது: இன்று உயிர் இருந்தால் 1, நாளை உயிர் இருந்தால் 2, இரண்டையும் கூட்டுங்கள். அப்படியானால் 0 என்பது காலி, 1 என்பது இறக்கப்போவது, 2 என்பது பிறக்கப்போவது, 3 என்பது பிழைத்திருப்பது. இருநிலை எண் தெரிந்த மாணவர்களுக்கு வலது பிட் இன்று, இடது பிட் நாளை என்று சொன்னால் போதும். அது தெரியாத சிறு வகுப்புக்கும் வழி இருக்கிறது. ஒற்றைப்படை எண் என்றால் இன்று உயிர் உண்டு. 2-க்குக் குறையாத எண் என்றால் நாளை உயிர் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் செய்யும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானில் இப்படி எழுதலாம்:

```python
g = [[0,0,0],
     [1,1,1],
     [0,0,0]]
R, C = len(g), len(g[0])

for i in range(R):
    for j in range(C):
        n = 0
        for a in range(max(0, i-1), min(R, i+2)):
            for b in range(max(0, j-1), min(C, j+2)):
                n += g[a][b] & 1
        n -= g[i][j] & 1
        if n == 3 or (n == 2 and g[i][j] & 1):
            g[i][j] |= 2

for i in range(R):
    for j in range(C):
        g[i][j] >>= 1
```

இதில் மூன்று இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. `& 1` என்பது வலது பிட்டை மட்டும் பார்க்கிறது. வெள்ளைக் கொட்டையைக் கணக்கில் சேர்க்காதே என்று சொன்னோமே, அது இதுதான். `|= 2` என்பது வலது பிட்டைத் தொடாமல் இடது பிட்டை மட்டும் ஏற்றுகிறது. கடைசியில் வரும் `>>= 1` எல்லா எண்களையும் ஒரு பிட் வலப்பக்கம் தள்ளுகிறது. பழையது விழுந்துவிடும், புதியது அதன் இடத்துக்கு வரும். பிட் குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்றால் `% 2`, `+= 2`, `//= 2` என்று எழுதினாலும் அதே விடைதான். எதிர்மறை எண்கள் வராத கணக்கு என்பதால் வேறுபாடு இல்லை.

முதல் மடக்கு முடிந்த இடத்தில் நிரலை நிறுத்திப் பலகையை அச்சிடச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும்:

```
0 2 0
1 3 1
0 2 0
```

ஒற்றைப்படை எண்களை மட்டும் பாருங்கள்: 1, 3, 1. அது பழைய கிடைக்கோடு. 2-க்குக் குறையாதவற்றை மட்டும் பாருங்கள்: 2, 3, 2. அது புதிய நெடுங்கோடு. ஒரே பலகையில் இரண்டு படங்களும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கின்றன. முதல் மடக்கில் ஒரு வலது பிட்கூட மாறவில்லை. எண்ணுவது வலது பிட்டை மட்டும். அதனால் எந்த மூலையில் தொடங்கினாலும், கட்டங்களை எந்த வரிசையில் தொட்டாலும் விடை மாறாது. எதிரெதிரே உட்கார்ந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போது ஒரே பலகைதான் கிடைக்கும்.

இனி திருத்தும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். இந்த நிரலில் வரும் தவறுகள் பெரும்பாலும் பிழைச்செய்தி தராது. நிரல் ஓடும், கட்டங்கள் மாறும், பார்க்க உயிரோட்டமாகவும் இருக்கும். "ரன் ஆகுது சார்" என்பான். நாற்பது மாணவர்களின் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்த நமக்கு நேரம் இல்லை. எனவே எந்த உள்ளீட்டைக் கொடுத்துச் சோதிப்பது என்பது முக்கியமாகிறது.

பல மாணவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்வது இரண்டுக்கு இரண்டு சதுரம். நான்கு உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டை, எதுவும் மாறாது. வெளியே சுற்றியுள்ள கட்டங்களுக்கும் இரண்டு அண்டைக்கு மேல் இல்லை, பிறப்பும் இல்லை. நிரல் சரியாக இருந்தால் சதுரம் அப்படியே நிற்கும். ஆனால் அந்த மாணவி செய்தது போல அங்கேயே உடனுக்குடன் மாற்றும் தவறான நிரலிலும் சதுரம் அப்படியேதான் நிற்கும்! ஏனென்றால் எந்தக் கட்டமும் மாறவில்லை என்றால், பழையதும் புதியதும் கலப்பதற்கு வாய்ப்பே இல்லை. மாறாத வடிவம் எதைக் கொடுத்தாலும் இந்தத் தவறு தப்பித்துக்கொள்ளும். அந்தச் சோதனையை வைத்து மதிப்பெண் போட்டால், தவறான நிரலுக்கு முழு மதிப்பெண் போய்விடும்.

மூன்று கொட்டைக் கோடுதான் நல்ல சோதனை. தொடக்கத்தில் அது மேல்கீழாகவும் இடவலமாகவும் சமச்சீரானது. விதியும் எந்தத் திசைக்கும் சலுகை தருவதில்லை. எனவே விடையும் சமச்சீராகத்தான் வர வேண்டும். சமச்சீர் குலைந்தால் நிரலை மேற்கொண்டு படிக்காமலே தவறு என்று சொல்லிவிடலாம். அதைவிட நல்ல செய்தி ஒன்று உண்டு: எந்தத் தவறு என்பதையும் படமே சொல்லிவிடும். மேல் இடதிலிருந்து வரிசையாக வரும் நிரலில் ஒரு தலைமுறைக்குப் பிறகு இப்படி வந்தால்

```
0 1 1
1 0 1
0 0 0
```

குறியிடுதலே இல்லாமல் நேராக மாற்றியிருக்கிறார்கள். இப்படி வந்தால்

```
0 1 0
1 0 1
0 0 0
```

குறியிட்டிருக்கிறார்கள், ஆனால் எண்ணும்போது `& 1` போட மறந்துவிட்டார்கள். மேலே பிறக்கப்போகும் கட்டத்தின் 2-ஐ இரண்டு உயிர்களாக எண்ணியதால், இறக்க வேண்டிய இரு ஓரங்களும் மூன்று அண்டை கிடைத்துப் பிழைத்துவிட்டன. இதில் இடவலச் சமச்சீர் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். மேல்கீழை மட்டும் பார்த்தால்தான் பிடிபடும். மூன்றாவது இது:

```
0 1 0
0 1 0
0 0 0
```

இவர்கள் `|= 2` என்பதற்குப் பதில் `= 2` என்று எழுதியிருப்பார்கள். பிறப்புக்கு அது சரி, 0 இருந்த இடத்தில் 2 வரும். பிழைத்திருக்கும் கட்டத்துக்கோ 3 வர வேண்டிய இடத்தில் 2 வந்துவிடும்; அதாவது 'இன்று' அழிந்துவிடும். நடுக் கட்டம் அப்படி ஆனபின், அதற்குக் கீழே இருக்கும் கட்டம் எண்ணும்போது நடுவில் யாரும் இருந்ததாகவே தெரியாது. மூன்று அண்டை இரண்டாகக் குறைந்து, கீழே பிறக்க வேண்டியது பிறக்காமல் போயிற்று. இந்த மூன்று படங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், செய்முறைத் தேர்வில் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் சி++ நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாளை உயிர் உண்டா என்று பார்க்க `g[i][j] & 2 == 2` என்று எழுதினால், பைத்தானில் நாம் நினைத்தபடியே நடக்கும். சி++ மொழியில் `==` முந்திக்கொள்ளும். `2 == 2` உண்மை, அதாவது 1. கடைசியில் அது `g[i][j] & 1` என்று ஆகிவிடும். நாளையைக் கேட்டோம், இன்றைச் சொல்லும். அடைப்புக்குறி போட்டு `(g[i][j] & 2) == 2` என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு நுணுக்கம். கொட்டையில் நாம் தொடாமல் விட்ட உயிர் பிழைக்கும், இரட்டையாக்கினால்தான் இறக்கும். எண்ணில் அதற்கு நேர்மாறு: தொடாமல் விட்ட 1 இரண்டாவது மடக்கில் 0 ஆகிவிடும், அதாவது இறந்துவிடும். இரண்டும் சரியான முறைகள்தாம். ஆனால் ஒரு மாணவர் `range(R-1)` என்று எழுதி முதல் மடக்கில் கடைசி வரிசையை விட்டுவிட்டால், அந்த வரிசை எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அடுத்த தலைமுறையில் காலியாகிவிடும். கடைசி வரிசை எப்போதும் வெறுமையாக இருந்தால் மடக்கின் எல்லையைப் பாருங்கள். கொட்டையில் அதே மறதி நேர்ந்தால் கடைசி வரிசை மாறாமல் உறைந்து நிற்கும்.

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு, நினைவகம்தான் மலிவாகிவிட்டதே என்று கேட்கலாம். ஹைடெக் ஆய்வகக் கணினியில் ஆயிரத்துக்கு ஆயிரம் பலகை இரண்டு வைத்தாலும் அதற்கு உறைக்காது. அங்கே இரண்டு பலகை முறையே படிக்க எளிது என்பேன். அடல் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ ஊனோ பலகை இருக்கும். அதன் நினைவகம் 2048 பைட். நாற்பதுக்கு நாற்பது பலகை, கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 1600 பைட். இரண்டு பலகைக்கு 3200 வேண்டும், இடமில்லை. குறியிட்டு ஒரே பலகையாக வைத்தால் 1600-இல் அடங்கி, மற்ற மாறிகளுக்கு 448 மிஞ்சும். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பைட்டில் எட்டுக் கட்டங்களை அடைத்து எழுதத் தெரிந்தால் ஒரு பலகைக்கு 200 பைட்தான், இரண்டு பலகை வைத்தாலும் 400. அப்போது நம் முறை தோற்றுவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் பயன்படாத பிட் மிச்சம் இருந்தால் மட்டுமே இந்த முறைக்கு வேலை. கட்டத்துக்கு ஒரே பிட்தான் என்றால் நாளையை எழுத இடம் ஏது?

உயிர் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளுக்கு மட்டும்தானா இது என்று போன அமர்வில் ஒரு கணித ஆசிரியர் கேட்டார். இல்லை. ஒரு வரிசையில் 30, 60, 90 என்று மூன்று மதிப்பெண்கள். ஒவ்வொன்றும் தன் அண்டைகளின் சராசரியாக ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விடை 60, 60, 60. நேராக மாற்றிக்கொண்டே போனால் முதலாவது 60 ஆகும். நடுவில் இருப்பது 60, 90 இரண்டின் சராசரியாக 75 ஆகும். கடைசியும் 75 ஆகும். இங்கே இரண்டு பிட் போதாது. மதிப்பெண் 0 முதல் 100 வரை, அதாவது 101 மதிப்புகள். எனவே புதியதை 101-ஆல் பெருக்கிப் பழையதோடு கூட்டுங்கள். முதல் கட்டத்தில் 60 × 101 + 30 = 6090. அதை 101-ஆல் வகுத்தால் மீதி 30, அது பழையது. ஈவு 60, அது புதியது. கான்வேயின் பலகையில் மதிப்புகள் இரண்டு என்பதால் அங்கே 101-க்குப் பதில் 2. ஈவு, மீதி நடத்தும்போது இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: சராசரியை முழு எண்ணாக்கிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். பின்னம் வந்தால் பிரித்தெடுக்கும்போது குழம்பிவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வராந்தாவில் எட்டுக்கு எட்டு கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு பலகை, எதிரெதிரே உட்காருங்கள். மேல் இடது மூலையில் இந்த ஐந்து கொட்டைகளை வையுங்கள்:

```
0 1 0
0 0 1
1 1 1
```

நான்கு தலைமுறைக்குப் பிறகு இதே வடிவம் ஒரு கட்டம் கீழும் ஒரு கட்டம் வலமுமாக நகர்ந்திருக்க வேண்டும். முதல் தலைமுறைக்குக் குறியிட்டு முடித்ததும், கொட்டைகளை எடுப்பதற்கு முன் நிறுத்திவிட்டு, எண்களாக எழுதி என்னிடம் காட்டுங்கள். இப்படி இருக்க வேண்டும்:

```
0 1 0
2 0 3
1 3 3
0 2 0
```

ஒற்றைப்படை எண்கள் ஐந்து, 2-க்குக் குறையாதவை ஐந்து. எண்ணிக்கை சரியாக வந்தவர்கள் இரட்டைகளை எடுத்துவிட்டு, வெள்ளைகளைப் புரட்டிப்போட்டு, இரண்டாம் தலைமுறைக்குப் போகலாம். வராதவர்கள் எந்தக் கட்டத்தில் பிசகியது என்று எதிரில் இருப்பவரோடு சேர்ந்து தேடுங்கள். நான் ஒவ்வொரு பலகையாக வருகிறேன். கொட்டை போதவில்லை என்றால் அந்த மேசையில் இன்னொரு டப்பா இருக்கிறது.